பெண் குட்டி, நல்ல வீடு தேவை

குட்டியைப் பற்றி நான் முதலில் எழுதியது நான்கே வரி. பெண் நாய்க்குட்டி, தாய் இல்லை, நல்ல வீடு தேவை, விருப்பமுள்ளவர்கள் அழைக்கவும். போனை வாங்கிப் படித்த என் வீட்டுக்காரர், "நல்ல ஊடுன்னா எது? எல்லாரும் அவங்கவங்க ஊட்ட நல்ல ஊடுன்னுதான் நெனச்சிக்கினு கீறாங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அந்தப் பதிவை நான் அன்று போடவில்லை.

அது கார்த்திகை மாதம். நாள் தவறாமல் மழை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. கார்களுக்குப் போகும் ரப்பர் வளையங்களைக் கையில் எடுத்து, விளக்கில் காட்டி, வெட்டோ குமிழோ இருந்தால் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். விடிந்த பிறகு கம்பெனி பஸ் எங்களை இறக்கிவிடும். இரவெல்லாம் விளக்கைப் பார்த்த கண்ணுக்கு அந்த நேரத்து வெளிச்சம் பால் கலந்த மாதிரி இருக்கும். சாலை, டிரெய்லர் லாரிகள், புகைக்கூண்டு, எல்லாம் கொஞ்சம் மிதந்துகொண்டே இருக்கும்.

அப்படி ஒரு காலையில்தான் சத்தம் கேட்டது. கால்வாய் போடுவதற்காகச் சாலையோரம் சிமெண்ட் குழாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் ஒன்றின் உள்ளிருந்து மெலிதாக, தூக்கத்தில் முனகுவது போன்ற குரல். குனிந்து பார்த்தேன். உள்ளங்கை அளவு முகம். பழுப்பு உடம்பு, முன்னங்கால் இரண்டும் வெள்ளை, இடது காது மட்டும் மடங்கியிருந்தது.

பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த அம்மா சொன்னார். "அதோட ஆத்தா ரெண்டு நாளைக்கு முன்ன லாரில அடிபட்டு பூடுச்சும்மா. மூணு குட்டி இருந்துச்சு. ரெண்டு ஆணு. அதுங்கள வந்து எட்த்துக்கினு பூட்டாங்க. இது பொட்ட. அதான் கெடக்குது."

சுடிதார் துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தேன். யோசித்துச் செய்யவில்லை. தூக்கக் கலக்கத்தில் செய்தேன் என்றுதான் வீட்டில் சொன்னேன்.

நாங்கள் இருந்தது வரிசையாக ஆறு வீடுகள் கொண்ட ஒரு லைன் வீட்டில். ஒரு அறை, ஒரு சமையல் மேடை. என் வீட்டுக்காரருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கட்டும் வேலை. அவருக்கும் ஷிஃப்ட்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் எல்லா ஞாயிறும் இல்லை. முதல் வீட்டில் இருந்த, ஆறு வீட்டுக்கும் சொந்தக்காரரான வீட்டுக்காரம்மா குட்டியைப் பார்த்ததும் மூக்கின் மேல் விரல் வைத்தார். அப்புறம் அதன் மடங்கிய காதைப் பார்த்துக்கொண்டே, "பதினஞ்சு நாளு. அதுக்கு மேல என்ன கேக்காத" என்றார்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டர் குட்டியை எடை போட்டு, பல்லைப் பார்த்து, ஆறு ஏழு வாரம் இருக்கும் என்றார். காதுக்குள்ளிருந்து உண்ணிகளை எடுத்தார். பூச்சி மருந்து ஊற்றினார். "மாட்டுப்பால் குடுக்காதீங்க, பேதியாகும். மோர் சாதம் குழைச்சு, முட்டைய வேகவச்சுக் குடுங்க. அடுத்த வாரம் முதல் ஊசி. அதுல இருந்து மூணு நாலு வாரத்துல ரெண்டாவது. அதுவரைக்கும் தெரு நாய்ங்க கிட்ட விடாதீங்க." ஒரு சின்ன மஞ்சள் அட்டை கொடுத்தார். அதில் பெயர் என்ற இடத்தை நான் நிரப்பவில்லை. பெயர் வைத்துவிட்டால் கொடுக்க முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஊசி போட்ட அன்று மறுபடியும் பதிவை எழுத உட்கார்ந்தேன். முகநூலில் மற்றவர்கள் எழுதியதை எல்லாம் தேடிப் படித்திருந்தேன். இந்த முறை நீளமாக வந்தது.

"சுமார் எட்டு வாரப் பெண் குட்டி. நாட்டு இனம். பூச்சி மருந்து, முதல் தடுப்பூசி போட்டாயிற்று. பணம் எதுவும் வேண்டாம். வீட்டில் எல்லாருக்கும் சம்மதம் இருக்க வேண்டும். நாள் முழுக்கக் கட்டி வைக்கக் கூடாது. மீதி ஊசிகளையும், ஆறேழு மாதத்தில் கருத்தடையும் செய்துவிட வேண்டும். குட்டியைத் தருவதற்கு முன் வீட்டை வந்து பார்ப்போம். சில கேள்விகள் கேட்போம், தவறாக நினைக்க வேண்டாம். எந்தக் காரணத்தாலாவது வளர்க்க முடியாமல் போனால் எங்களிடமே திருப்பித் தந்துவிடுங்கள், ஒரு வார்த்தை கேட்க மாட்டோம்."

கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு நோட்டில் எழுதினேன். சொந்த வீடா, வாடகை என்றால் வீட்டுச் சொந்தக்காரர் சம்மதித்தாரா, பகலில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், முன்பு நாய் வளர்த்தது உண்டா, அது என்ன ஆயிற்று. என் வீட்டுக்காரர் தோள் வழியாக எட்டிப் படித்தார். ஒவ்வொன்றாக எங்களையே வைத்துப் பதில் சொல்லிப் பார்த்தார். வாடகை. சம்மதம் இல்லை. பகலில் யாரும் இல்லை. "நம்மளே ஃபெயிலு" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். நான் எழுந்து போய்க் குட்டியின் கிண்ணத்தைத் தேவையில்லாமல் கழுவினேன்.

பதிவைக் கம்பெனிப் பெண்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும், ஊர்க் குழுவிலும், முகநூலிலும் போட்டேன். போட்டுவிட்டு நைட் ஷிஃப்ட் வாரத்துக்குள் போனேன்.

பகல் தூக்கம் முழுத் தூக்கமாக இருக்காது. ஜன்னலில் ஒரு நீலப் போர்வையைக் கட்டியிருந்தோம். அதன் வழியாக வெயில் வரும்போது அறை முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருக்கும். குட்டி என் கணுக்காலில் சாய்ந்து தூங்கும். அந்த நீல வெளிச்சத்துக்குள்தான் போன்கள் வந்தன. பாதித் தூக்கத்தில் எடுத்துப் பேசிவிட்டு, வைத்ததும் மறுபடி தூங்கிப்போவேன். பேசியவர்களின் வீடுகள் கனவில் வரும். பார்த்தே இராத வாசல்கள், பார்த்தே இராத மாடிப்படிகள். குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருப்பேன். எழுந்தால் எது போனில் கேட்டது, எது கனவில் பார்த்தது என்று குழம்பும். அதனால் போனை வைத்தவுடன் நோட்டில் எழுதிவிடும் பழக்கம் வந்தது.

முதலில் அழைத்தவர் கேட்டது, "இன்னா ஜாதிங்க?"

"நாட்டு நாய்ங்க."

"லேப்ரடாரு மாதிரி எதுவும் இல்லியா?"

"இல்லைங்க, நாட்டு நாய்தான்."

"சரி, ஆணா?"

"பொண்ணுங்க." 

வைத்துவிட்டார். அப்படி எத்தனையோ பேர். பெண் குட்டி என்று பதிவின் முதல் வரியிலேயே இருக்கிறது. இருந்தும் ஆணா என்று கேட்பார்கள், நான் ஒரு வேளை மனசு மாறியிருப்பேனோ என்பதுபோல.

கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு குடோன் வைத்திருந்தவர் நன்றாகத்தான் பேசினார். "காவலுக்கு வேணும்மா. சங்கிலி, ஷெட்டு, மூணு வேள சோறு. ஒரு கொறையும் இருக்காது."

"ராத்திரி அங்க யார் இருப்பாங்கண்ணா?"

"யாரும் இல்லாததாலதானம்மா நாயி."

எட்டு வாரக் குட்டியை ஆள் இல்லாத இடத்தில் விட முடியாது, பெரிய நாயாக யாராவது தருகிறார்களா என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். "நல்லா கேட்டுக்கினியேம்மா, சந்தோஷம்" என்றார். கேலியா, நிஜமா என்று இன்றும் தெரியவில்லை. இன்னொரு பெண் அக்கா மகனின் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்றாள். அக்காவுக்குத் தெரியுமா என்றேன். சர்ப்ரைஸ் என்றாள். அக்காவையே ஒரு தடவை பேசச் சொல்லும்மா என்றேன். அக்கா பேசவில்லை.

இல்லை என்று யாரிடமும் நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலையில் ஒரு வளையத்தைச் சிவப்புப் பெட்டியில் போட இரண்டு நொடி போதும். மனிதர்களிடம், "யோசிச்சுச் சொல்றேங்க", "வீட்டுக்காரர் கிட்ட கேட்டுட்டுச் சொல்றேங்க" என்று இழுப்பேன். மரியாதையாக மறுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து அந்த அழைப்பு வந்ததும் ஒரு பகல் தூக்கத்தில்தான். 

"அலோ, நாய்க்குட்டி ஊடா?" ஐம்பது வயது இருக்கும் போன்ற ஒரு பெண் குரல். பின்னால் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஆமாங்க, சொல்லுங்க."

"என் தங்கச்சி பொண்ணு உங்க கம்பெனிலதான் கீறா. அவ போன்ல படம் காமிச்சா. முன்னங்காலு ரெண்டும் வெள்ள. காதுல ஒண்ணு மடிஞ்சிக்கினு கீது. அதானே?"

"அதாங்க. நீங்க எங்க இருக்கீங்க?"

"ஏரிக்கு அந்தாண்ட, குப்பம். மீன் புடிக்கிறவங்க."

நான் நோட்டை எடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். கட்டிப் போடுவீர்களா? "எதுல கட்றது? ஊட்ல கம்பமே இல்லியே." சுற்றுச்சுவர்? "முன்னால மணலு, பின்னால ஏரி. செவுரு இன்னாத்துக்கு?" மருத்துவமனை? "படகுல இந்தாண்ட வந்து, பஸ் புடிச்சு பொன்னேரி போவணும்." முன்பு நாய் வளர்த்தது உண்டா?

"ரெண்டு இருந்துச்சும்மா. கறுப்பு ஒண்ணு, பன்னெண்டு வருசம். வயசாயி போச்சு, இந்தப் பொரட்டாசில. அதுக்கு முன்ன ஒரு குட்டி. மூணு மாசங்கூட இருக்கல. வாந்தி, ரத்த ரத்தமா பேதி. ரெண்டே நாளு. ஊசின்னு ஒண்ணு கீதுன்னு அப்போ எங்களுக்குத் தெரியாது."

நோட்டில் எழுதினேன். சுவர் இல்லை. டாக்டர் தூரம். ஒரு குட்டி இறந்தது.

"யோசிச்சுச் சொல்றேம்மா."

"எப்போ சொல்வ?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "ரெண்டு நாள்ல" என்றேன். 

அந்த இரண்டு நாளில் வேறொரு அழைப்பு வந்தது. திருவள்ளூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒரு தம்பதி. பெண்தான் பேசினாள். நான் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். சொந்த வீடு. அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. பக்கத்துத் தெருவிலேயே மருத்துவர். ஊசிக்கு, கருத்தடைக்கு எல்லாம் சம்மதம். குட்டிக்குப் படுக்கைகூட வாங்கிவிட்டதாகப் படம் அனுப்பினாள். நோட்டில் அவளுக்கு ஒரு பக்கம் முழுக்க ஒதுக்கினேன். ஏரிக்கரைப் பெண்ணைச் சுத்தமாக மறந்துபோனேன். மறக்கவில்லை. மறந்ததாக வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரின் பைக்கில் பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போனோம். குட்டி என் மடியில், துணிப்பைக்குள், மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு வந்தது. வயல்களில் தண்ணீர் நின்று வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வானத்துக்கு நடுவில் போவதுபோல் இருந்தது. இது நல்ல முடிவு என்று அந்த வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்த பெண்ணின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். குட்டியைத் தரையில் விட்டேன். அது தட்டுத் தடுமாறி உள்ளே ஓடியது. ஹாலில் சோபாவில் ஒரு வயதான அம்மா இருந்தார். குட்டியைப் பார்த்ததும் இரண்டு காலையும் சோபா மேல் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். கத்தவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அத்தைக்குக் கொஞ்சம் பயம். சின்ன வயசுல கடிச்சிருக்கு. பழகிடும்" என்றாள் அந்தப் பெண், எங்களைப் பார்க்காமல். அவள் கணவர், "அம்மா கிட்ட முதல்லயே சொல்லிருக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார். சொல்லவே இல்லை போலிருந்தது.

நான் குட்டியைத் தூக்கிக்கொண்டேன். அந்த அம்மா கண்ணைத் திறந்து, "நீ விட்டுட்டுப் போம்மா, நான் ரூமுக்குள்ளயே இருந்துக்கறேன்" என்றார். அதைக் கேட்ட பிறகு எப்படி விட்டுவிட்டு வருவது? வாசலில் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்களுக்கு மனசு வந்தா சொல்லும்மா, அப்போ வேற குட்டி பாப்போம்" என்றேன். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். வாங்கி வைத்திருந்த படுக்கையை எடுத்து வந்து எங்கள் பைக்கில் வைத்தாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மத்தியானம், கதவுக்கு வெளியே பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். குழாயடியில், பதினைந்து நாள் கெடு தாண்டியும் என்னை எதுவும் கேட்காமலிருந்த வீட்டுக்காரம்மா ஒரு பெண்ணுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, வெயிலில் காய்ந்த பெண். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். பக்கத்தில் ஒரு கூடை, அதற்குள் மடித்த பழைய துண்டு.

"நாய்க்குட்டி ஊடு இதானே?" என்றார். குரலைக் கேட்டதும் எனக்கு முகம் சுட்டது.

"நீ ரெண்டு நாள்ல சொல்றேன்ன. அஞ்சாறு நாள் ஆச்சு. அதான் தங்கச்சி பொண்ணாண்ட வழி கேட்டுக்கினு கெளம்பி வந்துட்டேன்."

"மன்னிச்சிக்கோங்கம்மா. வேலை ஜாஸ்தி..."

"வேல இல்ல கண்ணு. உனக்கு இஷ்டமில்ல." கோபமே இல்லாமல் சொன்னார். "இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டா நான் வேற எங்கனா பாத்துக்கினு போயிருப்பேன். நீ சொல்வ சொல்வன்னு போன கையிலயே வச்சிக்கினு இருந்தேன். தண்ணில எறங்கறப்ப கூட பாலித்தீன் கவர்ல சுத்தி வச்சிக்கினு."

நான் மரியாதை என்று நினைத்துச் செய்ததெல்லாம் அவரை ஐந்தாறு நாள் அந்தப் பாலித்தீன் கவரோடு காக்க வைத்திருக்கிறது. உள்ளே கூப்பிட்டேன்.

அவர் தரையில் உட்கார்ந்தார். குட்டியைக் கூப்பிடவில்லை, கை நீட்டவும் இல்லை. என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தார், மழையைப் பற்றி, இறால் இல்லாததைப் பற்றி. குட்டி தானே வந்தது. புடவைக் கரையை முகர்ந்தது. வெகுநேரம் முகர்ந்தது. பிறகு அந்தக் கரை மேலேயே சுருண்டு படுத்தது. அப்போதுதான் என்னைப் பார்த்து, "தூக்கலாமா?" என்று கேட்டார்.

"உங்க வீட்ட வந்து பாக்கணும்மா. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். சரியில்லன்னு பட்டா, இந்த முறை நேராவே சொல்லிடுவேன்."

"வா. பொண்ணு குடுக்கறவங்க வந்து பாக்காமயா குடுப்பாங்க? லீவு என்னிக்கோ அன்னிக்கு வா" என்றார். வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மார்கழி பிறந்திருந்தது. குட்டியோடு விடியலில் ரயில் ஏறிப் பொன்னேரி போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் பழவேற்காடு போனேன். அவர் கரையில் காத்திருந்தார். படகில் ஏறியதும் பனி எங்களை மூடிக்கொண்டது. முன்னால் தண்ணீரும் இல்லை, வானமும் இல்லை, ஒரே வெள்ளை. துடுப்புச் சத்தம் மட்டும். குட்டி காதைத் தூக்கி, மடங்கிய காதையும் சேர்த்து, எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. பனி கொஞ்சம் விலகியபோது தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தது. பூநாரைகள். எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. பகல் தூக்கத்தில் நான் தட்டிக்கொண்டிருந்த கதவுகள் எதுவும் இந்தப் பக்கம் இருந்ததில்லை.

ஓடு வேய்ந்த சின்ன வீடு. முன்னால் கூரை இறக்கிய இடத்தில் அவருடைய கணவர் வலையைப் பிரித்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் அசைத்தார். நான் சுற்றிப் பார்த்தேன். சொன்ன மாதிரியே சுவர் இல்லை. மணலில் இரண்டு பெரிய நாய்கள் படுத்திருந்தன. குட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த நாய்ங்க யாருதும்மா?"

"மூணு ஊட்டுக்குப் பொது. கடிக்காது. ஆனாலும் ரெண்டாவது ஊசி போடற வரிக்கும் இது வெளில போவாது. இங்க பாரு." கூரைக்கடியில், பழைய வலையை நான்கு கழியில் கட்டி அடைப்பு போட்டிருந்தார்கள். தரையில் சாக்கு விரித்திருந்தது. வலை இடுப்பளவு உயரம், கீழ்ப்பக்கம் மணலில் புதைத்திருந்தது.

அப்போதுதான் அவர் கணவர் முதல்முறையாகப் பேசினார். "ஊசி போட்ட சீட்டு கீதா?"

மஞ்சள் அட்டையைக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அடுத்த ஊசி எழுதியிருந்த இடத்தை விரலால் தொட்டுப் படித்தார். பிறகு உள்ளே போய்ச் சுவரில் தொங்கிய காலண்டரில் அந்தத் தேதியைப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு வந்து மறுபடி வலை முன்னால் உட்கார்ந்தார். "அது செத்தப்ப இவருதான் ரெண்டு நாளும் மடில வச்சிக்கினு இருந்தாரு" என்றார் அந்த அம்மா தாழ்ந்த குரலில்.

அத்தனை பேரிடம் கேட்டேன், முன்பு வளர்த்தது என்ன ஆயிற்று என்று. இறந்த கதையை ஒளிக்காமல் சொன்னவர் இவர் ஒருவர்தான். அதைத்தான் நான் குறையாக எழுதி வைத்திருந்தேன்.

டீ கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார். "நானும் ஒண்ணு கேக்கட்டா? நீ ஏன் வச்சிக்கல?"

"வாடகை வீடும்மா. ரெண்டு பேருக்கும் ஷிஃப்டு. பத்து மணி நேரம் பூட்டிக் கெடக்கும்."

"உன்ன மாதிரி ஒருத்தி வந்து கேட்டா குடுப்பியா?"

"மாட்டேம்மா."

"வருத்தமா கீதா?"

"இருக்கும்மா."

என் தம்ளரை வாங்கி இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார். நான் அவ்வளவு நாளும் யாரிடமும் அழவில்லை. அங்கே, பனி கலைந்து வெயில் மணலில் விழுந்த நேரத்தில், முன்பின் தெரியாத இருவர் முன்னால் சத்தமில்லாமல் அழுதேன். அவர் கணவர் வலையை விட்டுத் தலையே தூக்கவில்லை. அதுவும் ஒரு உபகாரம்தான்.

எழுதிக்கொண்டு போயிருந்த காகிதத்தைப் படித்துக் காட்டினேன். மீதி ஊசிகள், வெறிநாய்க்கடி ஊசி, கருத்தடை, முடியாவிட்டால் என்னிடமே திருப்பித் தருவது. கருத்தடை என்றதும் அவர் யோசித்தார். "வலிக்குமா?" மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள், அன்றைக்கு நானும் கூட வருகிறேன் என்றேன். "அப்ப சரி" என்று பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். திருவள்ளூர்ப் பெண் கொடுத்த படுக்கையைச் சாக்கின் மேல் விரித்தோம். குட்டி அதில் ஏறாமல் பக்கத்தில் மணலைத் தோண்ட ஆரம்பித்தது.

திரும்பும்போது படகில் நான் மட்டும். மடியில் என்ன செய்வது என்று தெரியாமல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மற்றவர்களுக்கெல்லாம் போன் செய்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று விட்ட ஒன்பது பேர். "குட்டிய வேற வீட்டுக்குக் குடுத்துட்டேங்க. உங்களுக்குத் தர முடியல, காரணம் இது" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவருக்கு என்னையே ஞாபகம் இல்லை. குடோன்காரர் மட்டும், "போன் பண்ணிச் சொன்ன பாரு, அதுவே பெரிசும்மா" என்றார்.

இரண்டாவது ஊசிக்குப் பொன்னேரிக்குக் குட்டியைக் கொண்டு வந்தார்கள், வட்டம் போட்ட அதே தேதியில். வைகாசியில் கருத்தடைக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். டாக்டர் சொன்னபடி முந்தின இரவிலிருந்து அதற்குச் சோறு கொடுக்காமல் கொண்டு வந்திருந்தார்கள். அந்த அம்மாவும் சாப்பிடாமல் வந்திருந்தார். "அது பட்டினி கெடக்கறப்போ நான் மட்டும் நாஷ்டா துன்னுவனா?" முடிந்து வெளியே கொண்டு வந்தபோது மயக்கம் தெளியாமல் கண் பாதி திறந்திருந்தது. மரத்தடியில் உட்கார்ந்து, அதன் வயிற்றுக் கட்டு மேல் ஈ உட்காராமல், மாலை வரைக்கும் முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தார். அவர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது காது அசைந்தது. நான் தொட்டபோது என் கையை முகர்ந்துவிட்டு அவர் பக்கம் திரும்பிக்கொண்டது.

நான் போட்ட பதிவில் தேதி எழுதவில்லை. அதனால் அது இன்னும் குழு குழுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. என்னென்ன ஊர்களிலிருந்தோ அழைப்பு வருகிறது. போன வாரம் நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தேன். நீலப் போர்வை வழியாக வெயில் வந்துகொண்டிருந்தது. விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒருவர்.

"அந்த வெள்ளைக் கால் குட்டி இருக்குதுங்களா?"

"இல்லைங்க. அதுக்கு வீடு கிடைச்சு ரொம்ப நாளாச்சு."

"அப்படிங்களா." ஏமாற்றத்தை மறைக்கத் தெரியாத குரல். "நல்ல எடந்தானுங்களே?"

"நல்ல இடங்க. ஏரிக்கரை."

"பொண்ணுதான் வேணும்னு எங்க ஊட்டம்மா சொன்னாங்க. இத பாத்ததுலருந்து இதே பேச்சு."

அதற்குள் எனக்குத் தூக்கம் போய்விட்டது. சிப்காட் வாசலில் இன்னொரு பெண் நாய்க்குட்டி சுற்றுவதாக முந்தின நாள்தான் டீக்கடை அம்மா சொல்லியிருந்தார். எழுந்து உட்கார்ந்து நோட்டைத் தேடி எடுத்தேன்.

"உங்க வீட்டம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்றேன். "இருந்தா அவங்க கிட்டயே குடுங்க, பேசுறேன்."